பழைய டியூசன் வேன்: சீட்டுக்கு அடியில் பார்க்க வேண்டியவை

பட்டர்வொர்த், பிறை பக்கம் விலைக்கு வரும் பழைய வேன்களில் சில, முதலில் சாமான் வேனாக ஓடி, பிறகு சீட் பொருத்தப்பட்டவை. புது சீட் துணியும் பளிச்சென்ற பெயிண்டும் அதை மறைத்துவிடும். ஓராண்டு பிள்ளைகளை ஏற்றி இறக்கிய பிறகுதான் சீட் ஆடத் தொடங்கும்.

கிராண்டைக் கையில் வைத்துக்கொண்டு வேனுக்குள் ஏறுங்கள். உடல் வகை, பயன்பாட்டு வகை, சீட் எண்ணிக்கை மூன்றையும் ஒப்பிடுங்கள். கிராண்டில் 12 இருக்க, உள்ளே ஓட்டுநர் சீட்டோடு 15 எண்ணினால், மூன்று சீட் ஜே.பி.ஜே. ஒப்புதல் இல்லாமல் ஏறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அவை பெரும்பாலும் நடைவழியில் மடக்கு சீட்டாகவோ பின்கதவை ஒட்டியோ இருக்கும். ஆபத்தில் பிள்ளைகள் வெளியேற வேண்டிய வழியே அதுதான். "கழற்றிவிடலாம் தம்பி" என்று விற்பவர் சொன்னால், காசு கொடுக்கும் முன்பே கழற்றித் தரச் சொல்லுங்கள். அப்போதுதான் தரையின் நிலையும் தெரியும்.

அடுத்து ரப்பர் விரிப்பைத் தூக்குங்கள். சீட் கால் மெல்லிய தகட்டில் வெறும் திருகாணியால் பிடித்திருந்தால், சடன் பிரேக்கில் பிள்ளையோடு சேர்ந்து சீட்டும் பிய்ந்து வரும். தரைக்குக் கீழே போல்ட்டைச் சுற்றி அகலமான இரும்புத் தகடு இருக்க வேண்டும். இழுவிசையை அதுதான் பரப்பித் தாங்கும். வேனை லிஃப்டில் ஏற்றி போர்மனிடம் காட்டச் சொல்லுங்கள். கடல் காற்றுபடும் இடத்தில் நின்ற வண்டியில் இந்தத் தகட்டைச் சுற்றித்தான் துரு பிடிக்கும். ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்துங்கள். முனை உள்ளே இறங்கினால் அந்த வண்டி வேண்டாம்.

பின்கதவை உள்ளே இருந்து திறந்து பாருங்கள். சாமான் வேனாக இருந்தவற்றில் உள்பக்கக் கைப்பிடியே இல்லாமல் இருக்கலாம். இதைப் பலர் வாங்கிய பிறகுதான் கவனிக்கிறார்கள். ஸ்லைடிங் கதவைப் பாதி திறந்து, அதன் பின் ஓரத்தை மேலே தூக்குங்கள். கடகடவென ஆடினால் ரோலர் தேய்ந்திருக்கிறது. தினமும் பிள்ளைகள் இழுத்துச் சாத்தும் கதவு, சீக்கிரமே சரியாகப் பூட்டாமல் போகும்.

"பெர்மிட்டோடு தருகிறேன்" என்ற பேச்சை நம்பி விலையை ஏற்றாதீர்கள். உரிமம் நடத்துநரின் பெயரில் இருப்பது, வண்டியோடு கைமாறுவதில்லை. கட்டணம் வாங்கிப் பிள்ளைகளை ஏற்ற நீங்கள் தரைப் பொதுப் போக்குவரத்து நிறுவனமான அபாட்டிடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும், ஓட்டுநருக்குப் பொதுப் பயணிகளை ஏற்றும் வண்டி ஓட்டுவதற்கான பி.எஸ்.வி. உரிமம் வேண்டும். போக்குவரத்துக் காசை டியூசன் கட்டணத்துக்குள் சேர்த்துவிட்டால் போதும் என்பது தப்புக் கணக்கு. சொந்தப் பயன்பாட்டுக் காப்புறுதியில் ஓடிய வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீடே கிடைக்காமல் போகலாம்.

பெயர் மாற்றத்துக்கு முன் வாகனப் பரிசோதனை மையத்தில் பி5 பரிசோதனை இருக்கிறது. முன்பணம் கொடுக்கும்போது, சீட் எண்ணிக்கையாலோ மாற்றியமைப்பாலோ அதில் தவறினால் முழுப் பணமும் திரும்ப வரும் என்று ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.