வாழ்நாள் சான்று: முக ஆப்பா, தபால்காரரா?

மத்திய அரசு பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதற்கான வாழ்நாள் சான்றைக் கொடுக்க நவம்பர்தான் கெடு, 80 வயது தாண்டியவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். கடலூர் மஞ்சக்குப்பத்தில் பேங்க் வரிசையில் கால்கடுக்க நிற்க வேண்டாம், வீட்டிலிருந்தே முடிக்க இரண்டு வழி உண்டு.

போனில் `Jeevan Pramaan` ஆப்பும் `AadhaarFaceRD`-யும் இருந்தால் முகத்தைக் காட்டினால் போதும், காசு இல்லை; ஆனால் பென்ஷன் ஆணையில் உள்ள பி.பி.ஓ. எண்ணையும் கணக்கு எண்ணையும் நாமே அடிக்க வேண்டும். அதில் ஒரு இலக்கம் பிசகினாலும் சான்றுக்கான பிரமாண் எண் என்னவோ வந்துவிடும், அப்புறம் பேங்க் அதை நிராகரித்துவிடலாம் என்பதால் ஏற்கப்பட்டதா என்று ஜீவன் பிரமாண் தளத்தில் பார்த்துவிடுங்கள். தபால்காரர் வீட்டுக்கே வந்து 70 ரூபாய்க்குச் செய்து தருவார், ஸ்மார்ட்போன் இல்லாத அப்பாவுக்கு இதுதான் சரி, கைரேகை தேய்ந்து பதியாவிட்டால் அவரிடமும் முகத்தைக் காட்டி முடிக்கலாம்.

தவறவிட்டால் டிசம்பரிலிருந்து பென்ஷன் நிற்கும். பிறகு கொடுத்தாலும் நிலுவையோடு வந்துவிடும், மூன்று வருடம் தாண்டினால்தான் மேலிட அனுமதிக்கு அலைய வேண்டும்.