சிங்கிள், ட்வின், இன்லைன் ஃபோர்: எட்டு வருஷமாக என் கை சொல்லும் கணக்கு

போன வாரம் என் 500 சிசி ஒற்றை சிலிண்டர் பைக்கை, அதாவது சிங்கிளை, ரிப்பேர் பார்த்து முடித்த கையோடு, கூடப் படித்த நண்பன் போன் போட்டான். "அடுத்து ஒரு பெரிய வண்டி வாங்கணும்டா. நீதான் மூணையும் ஓட்டியிருக்கியே, எதுல வைப்ரேஷன் கம்மி?" போனில் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாக எழுதுகிறேன்.

சிங்கிள் என்னிடம் எட்டு வருஷமாக இருக்கிறது. பேலன்சர் இல்லாத பழைய லாங் ஸ்ட்ரோக் இன்ஜின். இரண்டு சிலிண்டரும் 270 டிகிரி கிராங்கும் வைத்த 650 பேரலல் ட்வின் வாங்கி நாலு வருஷம் ஆகிறது. இன்லைன் ஃபோர் மச்சானுடையது, அதுவும் 650. அவர் வெளிநாடு போன ஒன்றரை வருஷமும் என் வீட்டில்தான் நின்றது. சேலத்திலிருந்து கோவைக்கு மாதம் இரண்டு முறை, மழை விட்டால் கொல்லிமலை. மூன்று வண்டியும் இதே ரோட்டில்தான் ஓடின.

முதலில் ஃபோர் கதையைச் சொல்லிவிடுகிறேன், என்னை அதிகம் ஏமாற்றியது அதுதான். 1969-இல் ஹோண்டா சிபி750 வந்த நாளிலிருந்து நாலு சிலிண்டர் என்றால் வெண்ணெய் என்று ஒரு பேச்சு. ஐடிலில் நிற்கும்போது அது உண்மை. டேங்க் மேல் டம்ளரில் தண்ணீர் வைத்தால் சிந்தாது. ஆனால் நெடுஞ்சாலையில் 5,500 ஆர்பிஎம்மில் ஒரே சீராக ஒரு மணி நேரம் போய், பெருந்துறை தாண்டி டீக்கடையில் நிறுத்தினேன். வலது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போயிருந்தன. கடைக்காரர் நீட்டிய கிளாஸின் சூடு அந்த இரண்டு விரலுக்கும் தெரியவில்லை. எட்டு வருஷத்தில் சிங்கிள் ஒரு நாளும் எனக்கு இப்படிச் செய்ததில்லை.

காரணம் இருக்கிறது. ஃபோரில் வெளி இரண்டு பிஸ்டனும் மேலே போகும்போது உள் இரண்டும் கீழே வரும். ஒன்றை ஒன்று சமன் செய்துவிடும் என்றுதான் தோன்றும். ஆனால் கனெக்டிங் ராடு சாய்வதால், கிராங்க் உச்சியிலிருந்து கால் சுற்று சுற்றும்போதே பிஸ்டன் பாதித் தூரத்துக்கு மேல் இறங்கிவிடும், அடுத்த கால் சுற்றில் மிச்சத்தைத்தான் கடக்கும். அதனால் மேலே திரும்பும் பிஸ்டனின் உதறலும் கீழே திரும்புவதன் உதறலும் ஒரே அளவில்லை. அந்த வித்தியாசம் நாலு பிஸ்டனிலும் ஒரே பக்கமாகக் கூடி, ஒரு சுற்றுக்கு இரண்டு முறை இன்ஜினை மேலும் கீழும் தள்ளும். 5,500-இல் கிராங்க் நொடிக்குச் சுமார் 92 சுற்று என்றால், கைக்கு வருவது நொடிக்கு 183 துடிப்பு. ஆர்பிஎம் இரண்டு மடங்கானால் அதன் விசை நாலு மடங்கு. கண்ணாடியில் பின்னால் வரும் லாரி தெளிவாகத்தான் தெரியும். கைதான் காட்டிக்கொடுக்கும். ஹேண்டில்பார் முனையில் கனமான எடை மாட்டியதில் பாதி குறைந்தது, போகவில்லை.

சிங்கிளின் அதிர்வு வேறு ஜாதி. ஒரு பெரிய பிஸ்டன், எதிரே சமன் செய்ய யாரும் இல்லை. கிராங்கில் எதிர் எடை வைத்தால் மேல்-கீழ் உதறலில் பாதி குறையும், அந்தப் பாதி முன்-பின்னாகத் திரும்பும். 3,600-இல் நொடிக்கு 60 குலுக்கல். வீச்சு பெரிசு, வேகம் கம்மி. எண்பதைத் தாண்டினால் கண்ணாடியில் இருப்பது கலங்கல்தான், நம்பர் பிளேட் போல்ட்டை மாதம் ஒரு முறை பார்த்தே ஆக வேண்டும். ஆனால் விரல் மரக்காது.

இப்போது ரிப்பேருக்கு வருகிறேன். இரண்டு மாதமாக அறுபதிலேயே ஃபுட்பெக் அதிர ஆரம்பித்தது. மெக்கானிக் "சிங்கிள்னா அப்படித்தாங்க இருக்கும்" என்று திருப்பி அனுப்பிவிட்டார். அந்த வார்த்தையை நான் ஏற்கவே மாட்டேன். வண்டியின் குணம் என்றால் முதல் நாளிலிருந்து இருக்க வேண்டும், புதிதாக வந்தது கோளாறுதான். காலியான ரோட்டில் அறுபதில் கிளட்சைப் பிடித்து ஆக்சிலரேட்டரை விட்டேன். அதிர்வு உடனே நின்றது. சக்கரமோ செயினோ காரணமாக இருந்தால் வண்டி உருளும் வரை அது தொடர்ந்திருக்கும். பிறகு நியூட்ரலில் நிறுத்தி முறுக்கினேன். அதே சத்தம் வரும் இடத்தில் அதே அதிர்வு. அப்படியானால் இன்ஜின் பக்கம்தான். டேங்கைக் கழற்றினால், சிலிண்டர் தலையை ஃப்ரேமோடு பிணைக்கும் பட்டையில் ஒரு போல்ட் தளர்ந்து, ஓட்டையைச் சுற்றி முடி அளவு விரிசல் விட்டிருந்தது. புதுப் பட்டை போட்டு, மற்ற இன்ஜின் போல்ட்டுகளையும் டார்க் ரெஞ்ச்சால் முறுக்கியதும் பழைய வண்டி திரும்பிவிட்டது. முதல் நாளே டேங்கைத் தூக்கிப் பார்த்திருந்தால் பட்டை தப்பியிருக்கும் என்ற கோபம் எனக்கு இன்னும் போகவில்லை.

ட்வினைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை. பழைய 360 டிகிரி ட்வின்களில் இரண்டு பிஸ்டனும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும், அதனால் சிங்கிள் மாதிரியே குலுக்கும். 1995-இல் யமஹா டிஆர்எக்ஸ்850-இல் கொண்டுவந்த 270 டிகிரி ஏற்பாடு வேறு. ஒரு பிஸ்டன் உச்சியில் நின்று திரும்பும்போது மற்றது நடுவில் முழு வேகத்தில் இருக்கும். ஃபோரில் கையை மரக்கவைத்த அந்த இரட்டைத் துடிப்பு இங்கே ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. மிச்சமுள்ள உதறலைப் பேலன்சர் ஷாஃப்ட் பார்த்துக்கொள்கிறது. அதோடு, ஒன்று நிற்கும்போது மற்றது ஓடுவதால் கிராங்க் திக்கித் திக்கிச் சுற்றுவதும் குறைகிறது. மணிக்கட்டை இவ்வளவு திருகினால் பின் சக்கரத்தில் இவ்வளவு வரும் என்று கைக்கே தெரிகிறது.

கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் இது நன்றாகப் புரியும். ட்வினில் இரண்டாம் கியர் போட்டுவிட்டு அதை மறந்துவிடலாம். 2,500-இலிருந்தே இழுக்கும், 270-க்கு ஒன்று, 450-க்கு ஒன்று என்று சமமில்லாமல் வெடிக்கும் அந்தச் சத்தமும் கூடவே ஏறும். ஃபோரில் அதே வளைவில் முதல் கியருக்கு இறங்க வேண்டும். 6,000-க்குக் கீழே அது பாதித் தூக்கத்தில் இருக்கும். 8,000 தாண்டினால் கத்திக்கொண்டு பாயும், அந்தக் கத்தல் எனக்கு நிஜமாகவே மெய்சிலிர்க்கும். ஆனால் 8,000 வரை போக அந்த மலையில் நேர் ரோடு எங்கே? சிங்கிளோ ஒவ்வொரு வெடிக்கும் ரோட்டை ஒரு பிடி பிடித்து ஏறும். அவசரப்படுத்தினால் மூச்சு வாங்கும், டாப் கியரில் நாற்பதுக்குக் கீழே விட்டால் செயின் சுண்டி இழுக்கும்.

ஆக நண்பனுக்குச் சொன்னது ட்வின்தான். நீண்ட பயணம், மலை, ஊருக்குள், எதில் வைத்துப் பார்த்தாலும் மற்ற இரண்டும் அதன் கிட்டே வராது.

என் முடிவு மட்டும் வேறு. போர்டிகோவில் இனி ஒரு வண்டிக்குத்தான் இடம். பட்டை மாற்றிய அன்று சாயங்காலம் சிங்கிளை ஸ்டார்ட் செய்து சும்மா நிற்கவைத்தேன். ஒவ்வொரு அடிக்கும் முன் மட்கார்டு ஆடியது, இரண்டு அடிக்கு நடுவே இருந்த அமைதி தனியாகக் கேட்டது. பத்து நிமிஷம் பக்கத்திலேயே நின்றேன். மறுநாள் நண்பனுக்கு நானே போன் போட்டேன். "புதுசு எதுக்குடா? என் ட்வினையே எடுத்துக்க. செயின் மாத்தி ரெண்டு மாசம்தான் ஆச்சு."