32768-இல் நின்றுபோகும் கடிகாரம்: ஃப்ளோட் கூட்டலும் அதன் மாற்றுகளும்

ஒரு மில்லிவிநாடிக்கு ஒருமுறை ஓடும் நிரலில் இப்படி ஒரு வரி இருக்கிறது:

```c
float t = 0.0f;
t += 0.001f;   // ஒவ்வொரு டிக்கிலும்
```

ஓட்டிப் பார்த்தால் முதல் சில நிமிடங்களுக்குக் குறை தெரியாது. 512-ஐத் தாண்டியபின் இந்தக் கடிகாரம் 2.3 சதவீதம் மெதுவாக நடக்கும். 16384-ஐத் தொட்டதும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு வேகத்தில் ஓடும். 32768-இல் அசையாமல் நின்றுவிடும். அது நிற்கும்போது உண்மையில் கடந்திருப்பது சுமார் 25,150 விநாடி, அதாவது ஏறக்குறைய 7 மணி நேரம். கடிகாரம் காட்டுவதோ 9 மணி 6 நிமிடம். சிறிய எண் 'தொலைந்துபோகும்' என்று மட்டும் கேள்விப்பட்டவர்களுக்கு நடுவில் வரும் அந்த வேகம் புதிராக இருக்கும். எந்த மாற்று வழி எந்தக் கோளாறைச் சரிசெய்கிறது என்று பார்க்குமுன், கூட்டல் நடக்கும் விதத்தைப் பார்த்துவிடுவோம்.

வரிசைப்படுத்தலும் ரவுண்டிங்கும்

IEEE 754 ஒற்றைத் துல்லிய எண்ணில் குறிக்கு 1 பிட், அடுக்குக்கு 8 பிட், பின்னப் பகுதிக்கு 23 பிட். புள்ளிக்கு முன்னால் நிற்கும் 1 சேமிக்கப்படுவதில்லை. அதையும் சேர்த்தால் மான்டிஸா 24 பிட். 0.001-ஐ இதில் எழுதினால் தோராயமாக 1.024 × 2⁻¹⁰. 16384 என்பது சரியாக 1.0 × 2¹⁴.

இரண்டு எண்களைக் கூட்ட வேண்டுமானால் அடுக்குகள் ஒன்றாக இருக்க வேண்டும். அதற்காகச் சிறிய எண்ணின் மான்டிஸாவை வலப்பக்கம் தள்ளுவார்கள். இங்கே அடுக்குகளின் வித்தியாசம் 14 − (−10) = 24. மான்டிஸாவில் இருப்பதே 24 பிட்தான், எனவே 0.001-இன் எல்லா பிட்டும் விளிம்புக்கு வெளியே போய்விடுகிறது. ஆனாலும் வன்பொருள் அவற்றை அப்படியே வீசிவிடாது. விளிம்பை ஒட்டி வரும் முதல் பிட்டைக் கார்டு பிட்டாகவும் அடுத்ததை ரவுண்ட் பிட்டாகவும் வைத்துக்கொள்ளும். அதற்கும் அப்பால் எங்காவது ஒரு 1 இருந்ததா என்பதை மட்டும் ஸ்டிக்கி பிட் நினைவில் வைத்திருக்கும்.

```
16384   1.00000000000000000000000|000
0.001   0.00000000000000000000000|101
```

கோட்டுக்கு வலப்பக்கம் 101. அடுத்தடுத்த இரண்டு ஃப்ளோட் எண்களுக்கு இடையிலான தூரத்தைப் படி என்போம். கார்டு பிட் 1 என்றால் மிச்சம் குறைந்தது அரைப் படி. ஸ்டிக்கி பிட்டும் 1 என்பதால் அது அரைப் படியைவிடச் சற்று அதிகம். ஆகவே விடை மேல்நோக்கி ரவுண்டாகிறது. 16384-க்கு அடுத்த ஃப்ளோட் எண் 2⁻⁹ தள்ளி இருக்கிறது. விடை 16384.001953125. கூட்டியது 0.001, ஏறியது 0.00195. இரண்டு மடங்கு வேகத்தின் காரணம் இதுதான். 32768 வரை படி அளவு மாறாததால், ஒவ்வொரு டிக்கிலும் இதே பிழை இதே திசையில் விழுகிறது.

32768-இல் அடுக்கு 15. வித்தியாசம் 25 ஆகிவிட்டது, எல்லாம் இன்னும் ஓர் இடம் தள்ளிப்போகிறது:

```
32768   1.00000000000000000000000|000
0.001   0.00000000000000000000000|011
```

கார்டு பிட் 0. மிச்சம் அரைப் படிக்கும் குறைவு, கீழே ரவுண்டாகிறது. விடை மறுபடியும் 32768. அடுத்த டிக்கிலும் உள்ளே போவது அதே இரண்டு எண்கள், எனவே வருவதும் அதே விடை.

அடுக்கு வித்தியாசம் 24 என்றாலே சிறிய எண் போய்விடும் என்ற விதி பல இடங்களில் சொல்லப்படுகிறது. அது பாதி உண்மை. 16777216 + 1 என்ற புகழ்பெற்ற எடுத்துக்காட்டிலும் வித்தியாசம் 24தான். ஆனால் அங்கே வெளியே நிற்பது 100, சரியாக அரைப் படி. இப்படிச் சமமாக வந்தால் கடைசி பிட் 0 ஆக உள்ள பக்கம் போக வேண்டும் என்பது இயல்பு விதி. அதனால் 16777216 அப்படியே நிற்கிறது. நம் கடிகாரத்தில் ஸ்டிக்கி பிட் 1 ஆக இருந்ததால் அதே வித்தியாசத்தில் முடிவு எதிர்ப்பக்கம் போனது.

கஹான் திருத்தம்

இழந்த பகுதியை இன்னொரு ஃப்ளோட்டில் வைத்துக்கொண்டு அடுத்த கூட்டலில் சேர்ப்பது இதன் வழி. வில்லியம் கஹான் 1965-இல் வெளியிட்டது.

```c
float y = 0.001f - c;
float s = t + y;
c = (s - t) - y;
t = s;
```

கடிகாரம் நின்றுபோன அதே 32768-இல் இதை ஓட்டிப் பார்க்கலாம். தொடக்கத்தில் `c` பூச்சியம் என்று கொள்வோம். முதல் டிக்கில் `s` நகரவில்லை, ஆனால் `c` −0.001 ஆகிறது. இரண்டாம் டிக்கில் `y` 0.002. இங்கே படி 0.00390625, அதில் பாதி 0.001953. `y` அதைத் தாண்டிவிட்டதால் `s` 32768.00390625-க்கு ஏறுகிறது. அதிகமாக ஏறிய 0.00190625 இப்போது `c`-இல் இருக்கிறது. மூன்றாம் டிக்கில் `y` −0.00090625 என்று எதிர்மறையாகிறது, `s` நகரவில்லை. நான்காம் டிக் முடிந்ததும் `t` − `c` கணக்கிட்டால் 32768.004 வருகிறது. நான்கு டிக்குக்கு வர வேண்டிய விடை அதுவே.

ஒரு கூட்டலுக்குப் பதில் நான்கு செயல்கள் என்பது பெரும்பாலும் தாங்கக்கூடிய விலை. ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. `(s - t) - y` என்பதை இயற்கணிதமாகப் பார்த்தால் பூச்சியம். `-ffast-math` கொடுத்து ஜிசிசியில் தொகுத்தால் கம்பைலருக்கு அப்படிச் சுருக்க அனுமதி கிடைத்துவிடும். திருத்தம் மொத்தமும் மறைந்து பழைய கடிகாரமே திரும்பி வரும், எச்சரிக்கை ஒன்றும் வராது. இந்தச் செயற்கூறு உள்ள கோப்பையாவது அந்தக் கொடி இல்லாமல் தொகுக்க வேண்டும்.

இன்னொரு வரம்பும் உண்டு. கஹான் முறை கூட்டுத்தொகையைக் காப்பாற்றுகிறது, `t`-இன் நுணுக்கத்தைக் கூட்டுவதில்லை. 32768-க்கு மேல் `t` இன்னும் 3.9 மில்லிவிநாடித் தாவல்களில்தான் நகரும். இரண்டு வாசிப்புகளைக் கழித்து இடைவெளி அளப்பவருக்கு அந்தக் கரடுமுரடு அப்படியே தெரியும்.

டபுள்

`t`-ஐ `double` ஆக்கினால் மான்டிஸா 53 பிட். 0.001-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 2⁴⁴ விநாடியில்தான் நிற்கும், 5 லட்சம் ஆண்டுக்கு மேல். நுணுக்கப் பிரச்சினையும் கூடவே தீர்கிறது. கணினியில் ஓடும் நிரலுக்கு இதைவிட எளிய திருத்தம் கிடையாது. டபுள் இருக்கும் இடத்தில் கஹானை எழுதிக்கொண்டிருப்பது தேவையில்லாத வேலை.

மாற்றும்போது இரண்டு இடங்களில் தவறு நடக்கும். `t`-ஐ மாற்றிவிட்டு `0.001f` என்பதை அப்படியே விட்டால், உள்ளே போவது 0.0010000000475 என்ற ஃப்ளோட் மதிப்பு. 32768 விநாடியில் இதனால் சேரும் பிழை 1.6 மில்லிவிநாடி. பெரிதல்ல, ஆனால் டபுள் போட்டும் ஏன் சரியாக வரவில்லை என்று தேட வைக்கும். இரண்டாவது, மதிப்பை வேறு செயற்கூறுக்கு அனுப்பும்போது அதன் அளவுரு `float` ஆக இருப்பது. காப்பாற்றிய பிட்டெல்லாம் அந்த வாசலில் உதிர்ந்துவிடும்.

சிறு மைக்ரோகன்ட்ரோலர்களில் கணக்கு வேறு. கார்டெக்ஸ்-எம்4-இன் மிதவைப்புள்ளி அலகு ஒற்றைத் துல்லியம் மட்டுமே செய்யும். டபுள் கூட்டல் அங்கே மென்பொருள் நூலகத்தில் நடக்கும், பல மடங்கு மெதுவாக.

முழு எண் எண்ணி

ஒவ்வொரு டிக்கிலும் கூட்டும் அளவு மாறாதபோது மிதவைப்புள்ளியில் கூட்டவே வேண்டாம். டிக்கை எண்ணி, தேவைப்படும் இடத்தில் மட்டும் விநாடியாக மாற்றினால் போதும்.

```c
uint32_t now = ticks;
float dt = (float)(now - then) * 0.001f;
```

கூட்டலில் ரவுண்டிங் என்பதே கிடையாது. 32 பிட் எண்ணி 49.7 நாளில் பூச்சியத்துக்குத் திரும்பும். குறியற்ற கழித்தல் என்பதால், அளக்கும் இடைவெளி 49.7 நாளுக்குள் இருக்கும்வரை வித்தியாசம் சரியாகவே வரும். கவனிக்க வேண்டியது வரிசை: முதலில் முழு எண்ணில் கழித்துவிட்டுப் பிறகு ஃப்ளோட்டாக்க வேண்டும். `now`-ஐயும் `then`-ஐயும் தனித்தனியே ஃப்ளோட்டாக்கிக் கழித்தால், 16777216 டிக்குக்கு மேல், அதாவது 4 மணி 40 நிமிடம் போனதும், கடைசி பிட்டுகள் மாற்றத்திலேயே போய்விடும்.

கடிகாரத்துக்கு எங்கள் தேர்வு இதுதான். அந்த எண்ணியைத் தர ஒரு டைமர் ஏற்கெனவே இருக்கும்போது ஃப்ளோட்டில் நேரம் சேர்ப்பதற்கு நியாயம் சொல்வது கடினம்.

ஆனால் சேர்ப்பது நேரமாக இல்லாமல், ஒவ்வொரு முறையும் மாறும் அளவாக இருந்தால் முழு எண் எண்ணி உதவாது. மின்திறனை நேரத்தால் பெருக்கி ஆற்றலைத் தொகுக்கும் மீட்டர் அப்படிப்பட்டது. அங்கே டபுள் இருந்தால் டபுள், இல்லாவிட்டால் கஹான். மதிப்புகள் எல்லாம் முன்பே வரிசையாகக் கையில் இருந்தால் இரண்டிரண்டாகக் கூட்டி மேலேறும் ஜோடிக் கூட்டலும் உண்டு. நம்பையின் `np.sum` தொடர்ச்சியான ஃப்ளோட் வரிசையில் இந்த உத்தியைப் பயன்படுத்துகிறது, `np.cumsum` பயன்படுத்துவதில்லை. ஒரே வரிசைக்கு `np.cumsum`-இன் கடைசி மதிப்பும் `np.sum`-உம் வேறுபட இது ஒரு காரணம். சிறியவற்றை முதலில் கூட்டு என்ற பழைய அறிவுரையும் வரிசைக்குத்தான் பொருந்தும். எல்லாமே 0.001 ஆக இருக்கும் நம் கடிகாரத்தில் எதை முதலில் கூட்டுவது?

ஏழு மணி நேரம் காத்திருக்காமல் கண்டுபிடிக்க

`t`-ஐப் பூச்சியத்தில் தொடங்காமல் நேரடியாக 16384, 32768 என்று வைத்து ஒரே ஒரு முறை கூட்டி, ஏறிய அளவை அச்சிட்டால் போதும்:

```c
volatile float t = 16384.0f;
volatile float u = t + 0.001f;
printf("%.9f\n", u - t);   // 0.001953125
```

`volatile` இல்லாவிட்டால் பழைய x87 அலகில் இடைநிலை மதிப்பு 80 பிட்டில் தங்கி, கோளாறே இல்லாதது போல 0.001 காட்டக்கூடும். `t + dt == t` என்ற சோதனையை மட்டும் நம்ப வேண்டாம். அது 32768-இல் நின்றுபோனதைப் பிடிக்கும், 16384-இலிருந்து இரு மடங்கு ஓடியதைப் பிடிக்காது. ஏறிய அளவை `dt`-உடன் ஒப்பிட்டால் இரண்டும் சிக்கும். வேறு `dt`-க்கு எல்லையைத் தேட, நம்பையில் `np.spacing(np.float32(t))` அந்த இடத்துப் படியைச் சொல்லும். அதன் பாதி `dt`-ஐ விடப் பெரிதானால் கூட்டல் நின்றுவிடும். 0.01-க்கு அது 262144-இல், 0.1-க்கு 2097152-இல்.