768 என்ற எண்ணோடு எட்டு ஆண்டுகள்

கடந்த வாரம் நண்பர் ஒருவர் கேட்டார்: "பிரேக்பாயிண்ட்டுக்கு என்னென்ன எண்கள் வைத்திருக்கிறீர்கள்? அனுப்பி வையுங்களேன்." சாதாரணக் கேள்விதான். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான், அந்த எண்களில் ஒன்றின் மேல் எனக்கு எவ்வளவு கோபம் சேர்ந்திருக்கிறது என்பது எனக்கே தெரிந்தது.

மொபைல் ஃபர்ஸ்ட் முறையில் எட்டு ஆண்டுகளாக சிஎஸ்எஸ் எழுதி வருகிறேன். குறுகிய திரைக்கான விதிகளை மீடியா குவரி எதுவும் இல்லாமல் முதலில் எழுதுவது, இடம் கிடைக்கக் கிடைக்க `min-width` கொண்டு மேலே சேர்ப்பது என்ற அடிப்படையில் எனக்குக் குறையே இல்லை. எல்லா மீடியா குவரியையும் அழித்துவிட்டாலும் பக்கம் ஒரே நெடுவரிசையாக ஒழுங்காக நிற்கும். அந்த நிம்மதி எளிதில் கிடைப்பதல்ல. என் வழக்கெல்லாம் எந்த அகலத்தில் லேஅவுட்டை மாற்றுவது என்பதில்தான். அங்கே ஏழு ஆண்டுகள் நான் யோசிக்கவே இல்லை. 576, 768, 992, 1200 என்று பூட்ஸ்டிராப்பிலிருந்து வந்த எண்களை, வீட்டோடு வந்த பழைய பீரோவைப் போல அப்படியே வைத்திருந்தேன்.

இவற்றில் என்னை அதிகம் படுத்தியது 768. 2010-இல் வந்த முதல் ஐபேடை நிமிர்த்திப் பிடித்தால் அதன் அகலம் 768 பிக்சல். அன்றைக்கு டேப்லெட் என்றாலே அதுதான் என்பதால் அந்த எண்ணுக்குப் பொருள் இருந்தது. பின்னால் வந்த ஐபேடுகளில் ஒன்று 820, இன்னொன்று 834, ஆறாம் தலைமுறை மினி 744. அதாவது "டேப்லெட்டுக்கு" என்று எழுதிய விதி ஒரு டேப்லெட்டுக்கே பொருந்தவில்லை. போதாக்குறைக்குத் திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு செயலிகளை ஓட்டுகிறார்கள். கணினியில் ஜன்னலை எந்த அகலத்திலும் இழுத்து வைக்கிறார்கள். சாதனத்தின் அகலம் வேறு, பக்கத்துக்குக் கிடைக்கும் இடம் வேறு என்றாகி வெகுகாலமாயிற்று.

இது புரிய எனக்கு ஒரு பழுதுபார்ப்பு தேவைப்பட்டது. நான் பராமரிக்கும் ஒரு தளத்தில் கட்டுரைப் பட்டியல் இருக்கிறது, பக்கத்தில் ஒரு பக்கப்பட்டை, பட்டியலில் கார்டுகள். ஆங்கிலத்தில் மட்டும் இருந்தவரை புகார் இல்லை. தமிழ்ப் பதிப்பு வந்ததும், டேப்லெட்டில் சொற்கள் கார்டை விட்டு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கின்றன என்றார்கள். நான் முதலில் எழுத்துருவைக் குறை சொன்னேன். பிறகு `overflow-wrap` போட்டுச் சொற்களைக் கண்ட இடத்தில் உடைத்தேன். அது இன்னும் அசிங்கமாக இருந்தது. கடைசியில்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

திரை 767 பிக்சல். இருபுறமும் 24 பிக்சல் ஓரம் போக 719 பிக்சல் முழுவதும் பட்டியலுக்கு. இரண்டு கார்டுகள், நடுவே 16 இடைவெளி. ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 351 கிடைக்கிறது. வசதிதான். இப்போது திரை ஒரே ஒரு பிக்சல் கூடி 768 ஆகிறது. உடனே 240 பிக்சல் பக்கப்பட்டை, 32 பிக்சல் இடைவெளியோடு வந்து உட்காருகிறது. பட்டியலுக்கு மிச்சம் 448. கார்டு ஒன்றுக்கு 216. கார்டின் உள் ஓரம் இருபுறமும் 16 போனால் எழுத்துக்கு 184 பிக்சல். "அறிமுகப்படுத்தப்பட்டிருக்கிறது" போன்ற ஒரு சொல்லை 18 பிக்சல் அளவில் அங்கே அடக்கிப் பாருங்கள். திரை பெரிதாகி, எழுத்துக்கு இருந்த இடம் கிட்டத்தட்டப் பாதியானது. விருந்தாளிக்கு இடம் விட்டு வீட்டுக்காரர் திண்ணையில் படுத்த கதை.

அன்றிலிருந்து ஒவ்வொரு பிரேக்பாயிண்ட்டுக்கும் இந்த ஒரு சோதனையை வைத்திருக்கிறேன்: அதற்கு ஒரு பிக்சல் கீழே முக்கிய நெடுவரிசை எவ்வளவு, அதே இடத்தில் எவ்வளவு? பக்கப்பட்டை வந்தால் குறையத்தான் செய்யும். குறைந்த பிறகும் உள்ளடக்கத்துக்குப் போதுகிறதா என்பதே கேள்வி. போதாவிட்டால் அந்த அகலம் இன்னும் பக்கப்பட்டையைத் தாங்கும் தகுதியை அடையவில்லை.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போட்டேன். ஒரு கார்டு தமிழ்ச் சொற்களோடு மூச்சுவிடக் குறைந்தது 272 பிக்சல் வேண்டும் என்பதை, பிரவுசரின் டெவலப்பர் கருவியில் அகலத்தை மெல்ல இழுத்துப் பார்த்துக் கண்டேன். இரண்டு கார்டும் இடைவெளியும் சேர்த்து 560. அதோடு இடைவெளி 32, பக்கப்பட்டை 240, ஓரங்கள் 48. மொத்தம் 880. மீடியா குவரி அளக்கும் அகலத்தில் ஸ்க்ரோல் பட்டையும் அடக்கம். கணினிகளில் அது 15 முதல் 17 பிக்சல் வரை தின்றுவிடுகிறது. அப்படியானால் 897. 56em என்றால் 896, ஒரு பிக்சல் குறைகிறது. சரி, 57em.

```css
.page {
  display: grid;
  gap: 2rem;
  padding-inline: 1.5rem;
  grid-template-columns: minmax(0, 1fr);
}

@media (width >= 57em) {
  .page { grid-template-columns: minmax(0, 1fr) 15rem; }
}
```

`minmax(0, 1fr)` என்று எழுதியிருப்பது அலங்காரத்துக்காக அல்ல. வெறும் `1fr` என்றால், நெடுவரிசை தன்னுள் இருக்கும் நீளமான சொல்லைவிடக் குறுக மறுத்துப் பக்கத்தையே பக்கவாட்டில் தள்ளும்.

பிக்சலை விட்டு em-க்குப் போனதற்கும் காரணம் உண்டு. மீடியா குவரியில் em என்பது, படிப்பவர் தன் பிரவுசரில் வைத்திருக்கும் இயல்பான எழுத்தளவைப் பின்பற்றுகிறது. அவர் 16-ஐ 20 ஆக்கினால் 57em என்பது 912-இலிருந்து 1140 ஆகிறது. பெரிய எழுத்துக்கு அதிக இடம் வேண்டும். பக்கப்பட்டை அதுவரை காத்திருக்கிறது. பிக்சலில் எழுதியிருந்தால் எழுத்து மட்டும் பெருத்து, லேஅவுட் பழைய இடத்திலேயே மாறி, மறுபடியும் அதே நெரிசல். ஒரு கண்ணி மட்டும்: `html`-இல் `font-size: 62.5%` என்று வைத்திருக்கும் தளங்களில் 1rem பத்து பிக்சலாகச் சுருங்கும், ஆனால் மீடியா குவரியின் em அதைக் கண்டுகொள்ளாது. இந்தத் தளமும் அப்படித்தான் இருந்தது. அந்த வரியை எடுத்துவிட்டு எல்லா அளவுகளையும் திருத்த எனக்கு ஒரு முழு நாள் போனது.

கார்டுகளுக்கு வருகிறேன். எனக்கு எதிர்பாராத மகிழ்ச்சி கிடைத்தது இங்கேதான். முன்பு ஒரு கார்டிலிருந்து இரண்டு, இரண்டிலிருந்து மூன்று என்று இரண்டு பிரேக்பாயிண்ட்டுகள் இவற்றுக்காக மட்டுமே இருந்தன. இப்போது ஒன்றுகூட இல்லை.

```css
.cards {
  display: grid;
  gap: 1rem;
  grid-template-columns:
    repeat(auto-fill, minmax(min(100%, 17rem), 1fr));
}
```

17rem கிடைக்கும் இடத்திலெல்லாம் ஒரு கார்டு, கிடைக்காவிட்டால் குறைவு. திரை எவ்வளவு என்று அது கேட்பதே இல்லை, தன் பெட்டியில் இடம் எவ்வளவு என்றுதான் பார்க்கிறது. தலைப்பின் எழுத்தளவுக்காக வைத்திருந்த படிகளும் `clamp()` வந்ததும் போயின. கார்டின் உள்ளேயே படம் இடப்பக்கம் நகர வேண்டும் என்றால் `@container` இருக்கிறது; 2023 தொடக்கத்திலிருந்து முக்கியப் பிரவுசர்கள் அனைத்தும் அதை ஏற்கின்றன. இவ்வளவும் கழிந்தபின் முழுப் பக்கத்தையும் பாதிக்கும் மாற்றம் இரண்டே இரண்டுதான் மிஞ்சியது. ஒன்று பக்கப்பட்டை. மற்றது மேலே உள்ள மெனு பொத்தானிலிருந்து வரிசையாக விரிவது. ஆங்கிலத்தில் லோகோவும் ஆறு சொற்களும் 560 பிக்சலில் அடங்கின. தமிழில் 700-ஐத் தொட்டன. அதற்கு 45em.

768-க்கும் ஒரு நியாயம் சொல்லிவிடுகிறேன். 45em என்பது 720 பிக்சல். மெனுவை 768-இல் விரித்திருந்தாலும் யாருக்கும் நட்டமில்லை. எல்லா வேலையையும் ஒரே எண்ணின் தலையில் கட்டியதுதான் தவறு, அதைக் கட்டியவன் நான்.

ஆனால் மொபைல் ஃபர்ஸ்ட்டைப் பற்றி ஒரு கசப்பு இன்னும் போகவில்லை. `min-width` மட்டுமே எழுத வேண்டும் என்று சத்தியம் செய்தவர்களோடு வேலை செய்திருக்கிறேன். குறுகிய திரையில் மட்டும் அடியில் ஒட்டி நிற்கும் ஒரு பட்டையை அந்தச் சத்தியப்படி எழுதினால், `position: fixed`, நிழல், அடி ஓரம், `z-index` எல்லாவற்றையும் மேலே போனதும் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். ஒன்றை மறந்தால், அகலத் திரையில் காரணமே தெரியாத 64 பிக்சல் வெற்றிடம் ஒன்று அடியில் கிடக்கும். நான் அதைத் தேடி ஒரு மாலையைத் தொலைத்திருக்கிறேன். `@media (width < 57em)` என்று அந்தப் பட்டையை ஒரு வரம்புக்குள் அடைத்துவிட்டால் கழற்றும் வேலையே இல்லை. பழைய 767, 768 ஜோடியில் இருந்த இன்னொரு ஓட்டையும் இதில் அடைபடுகிறது: 844 பிக்சல் ஜன்னலை 110 சதவீதம் பெரிதாக்கினால் அகலம் 767.27 ஆகும், `max-width: 767px`-உம் பொருந்தாது, `min-width: 768px`-உம் பொருந்தாது.

இத்தனை நிறைகளையும் சொன்னபின் மொபைல் ஃபர்ஸ்ட்டைப் பரிந்துரைக்கிறாயா என்றால், இந்த வாரம் மாட்டேன். முறை நல்லதுதான், ஆனால் எண்ணைக் கண்டதும் அளப்பதை நிறுத்திவிடுகிற பழக்கமும் அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது. நண்பருக்கு மேலே உள்ள கணக்கு முழுவதையும் எழுதி, கடைசியில் "என் தளத்துக்கு 45em, 57em" என்று முடித்து அனுப்பினேன். மறுநாளே நன்றி சொல்லிப் பதில் வந்தது. இரண்டு எண்களையும் அப்படியே போட்டுவிட்டாராம். அவருடைய தளத்தில் பக்கப்பட்டையே கிடையாது.