அட்டவணையா, ஒற்றை எண்ணா?

வைகைக் கரையோரத் தெருக்காரர்களுக்கு வெள்ள எச்சரிக்கையை விளக்க ஒரு ஸ்லைடு வேண்டும். முதல் வழி அட்டவணை: வைகை அணையின் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5-ல் இரண்டாவது, 69-ல் மூன்றாவது. எல்லாம் சரிதான், ஆனால் கடைசி வரிசையில் இருப்பவர் கண்ணைச் சுருக்குவார்.

இரண்டாவது வழியில் நடுவே ‘69’ மட்டும், 200 பாயிண்ட்டில். பக்கத்தில் ‘அடி’ அதில் மூன்றில் ஒரு பங்கு அளவில். எண்ணும் அலகும் ஒரே அளவில் இருந்தால் எண் எடுபடாது. கீழே 28 பாயிண்ட்டில் ஒரே வரி: ‘வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. இது மூன்றாவது எச்சரிக்கை.’ அந்த 71 இல்லாவிட்டால் 69 அதிகமா குறைவா என்றே தெரியாது. லோகோ, அணைப் படம் எதுவும் வேண்டாம்.

என் ஓட்டு இதற்குத்தான். ஆனால் எந்தக் கட்டத்தில் யார் என்ன செய்வது என்று பணியாளர்களுக்குச் சொல்வதானால், அட்டவணையே போடுங்கள்.