மேற்பொருந்துகையா, கலப்பா, இருநிலையா? வன்னி வகுப்பறைக்கு ஏற்ற குவாண்டச் சொற்கள்

கிளிநொச்சியிலோ மல்லாவியிலோ உயர்தரப் பௌதிகவியல் படிக்கும் மாணவரிடம் குவாண்டச் சொற்கள் பல வழிகளில் வந்து சேர்கின்றன. பாடநூலில் ஒரு சொல், தமிழகக் காணொளியில் இன்னொன்று, தனியார் வகுப்புக் குறிப்பில் வேறொன்று. எது நல்ல தமிழ் என்ற விவாதத்தை நான் இங்கே எடுக்கப்போவதில்லை. ஒரு சொல்லைக் கேட்ட மாணவர் அதை மட்டும் நம்பி ஒரு பரிசோதனையின் விடையை ஊகித்தால் அந்த ஊகம் சரிவருமா என்பதே என் அளவுகோல்.

அந்தப் பரிசோதனைக்கு வேண்டியது, ஒரு திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் முனைவாக்கித் தாள்கள் மூன்று. ஆய்வுகூடத்தில் இல்லாவிட்டால், பழுதான கணிப்பான்களின் திரைமுகப்பிலிருந்து உரித்தெடுக்கலாம். ஒரு தாளை நிலைக்குத்தாகவும் அடுத்ததைக் கிடையாகவும் பிடித்தால் ஒளி ஏறக்குறைய முழுதாக நின்றுவிடும். இரண்டுக்கும் நடுவே மூன்றாவது தாளை 45 பாகை சாய்த்து நுழைத்தால் ஒளி மீண்டும் தெரியும். முதல் தாளைக் கடந்ததில் பாதி நடுத்தாளையும், அதில் பாதி கடைசித் தாளையும் கடக்கும். ஆகவே கால் பங்கு மிஞ்சும். உண்மையான தாள்கள் சிறிது ஒளியை உறிஞ்சுவதால் கைக்குக் கிடைப்பது இதைவிடக் குறைவு. இந்த அளவுக்கு அலைக்கொள்கையே விளக்கம் தந்துவிடும் என்பதை மாணவரிடம் மறைக்கக்கூடாது. ஒளியை மிக மங்கலாக்கி, அதன் தனித்துணுக்குகளான போட்டன்களை ஒவ்வொன்றாக அனுப்பும்போதுதான் குவாண்டத்தின் கேள்வி எழுகிறது: பிளவுபடாத ஒரு போட்டன் சாய்ந்த தாளைக் கடக்குமா, கடக்காதா? ஒவ்வொரு போட்டனுக்கும் கடக்கும் வாய்ப்புப் பாதி என்று மட்டுமே சொல்ல முடியும்.

முதல் கருத்து ஆங்கிலத்தில் superposition எனப்படுவது. அதற்கு வழங்கும் சொற்களில் முதலில் "இருநிலை". "ஒரே நேரத்தில் இரண்டு நிலையிலும் இருப்பது" என்று விரித்துச் சொல்லப்படும் இந்தச் சொல் கேட்டவுடன் மனதில் பதிகிறது. ஆனால் நிலைக்குத்துத் தாளைக் கடந்த போட்டனை எடுத்துக்கொள்ளுங்கள். அதை இன்னொரு நிலைக்குத்துத் தாளுக்கு அனுப்பினால் நிச்சயம் கடக்கும். அங்கே அதற்கு ஒரே நிலைதான். அதே போட்டனை 45 பாகைத் தாளுக்கு அனுப்பினால் அந்த நிச்சயம் இல்லாமற் போய்விடுகிறது. இருமை போட்டனிடம் ஒட்டிக்கொண்டிருக்கும் குணமல்ல, நாம் எந்தத் திசையை வைத்துக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது. "இருநிலை" என்று கற்ற மாணவர் எல்லாத் திசைகளிலும் இருமையை எதிர்பார்ப்பார்.

"கலப்பு நிலை" அதைவிடத் தீங்கானது. சாதாரண மின்குமிழின் ஒளியில் எல்லாத் திசைகளும் உண்மையாகவே கலந்திருக்கின்றன. அதன் முன்னே ஒரு தாளைச் சுழற்றிப் பார்த்தால் எந்தக் கோணத்திலும் வெளிச்சம் மாறாது. 45 பாகைத் தாளைக் கடந்து வந்த ஒளியின் முன்னே சுழற்றினால் ஒரு கோணத்தில் முழு வெளிச்சம், அதற்குச் செங்குத்தான கோணத்தில் இருள். 45 பாகை நிலை என்பது நிலைக்குத்தும் கிடையும் குறித்த ஒழுங்கில் கூடியது. குமிழின் ஒளியில் அந்த ஒழுங்கு இல்லை. பௌதிகவியலில் கலப்பு நிலை என்பது குமிழின் ஒளி போன்றதற்கே உரிய பெயர். அதை 45 பாகை நிலைக்குக் கொடுத்துவிட்டால், பல்கலைக்கழகத்தில் அந்த மாணவர் கற்றதை அழித்துவிட்டுத் தொடங்க வேண்டியிருக்கும்.

ஆகவே என் தெரிவு "மேற்பொருந்துகை". அலைகள் பாடத்தில் மாணவர் அதை ஏற்கெனவே சந்தித்திருக்கிறார். அலையின் முடியோடு முடி சேர்ந்தால் பெருகும், முடியோடு தாழி சேர்ந்தால் அழியும் என்ற அறிவு அப்படியே கைகொடுக்கிறது. குறை ஒன்று உண்டு. இரண்டு போட்டன்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன என்று மாணவர் நினைத்துக்கொள்வார். ஒரு போட்டனுக்குரிய இரண்டு சாத்தியங்களே மேற்பொருந்துகின்றன என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

இரண்டாவது கருத்தான "அளவீடு" பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம். வேணியர் இடுக்கிமானியில் தொடங்கிய மாணவருக்கு, அளப்பதற்கு முன்பே பொருளுக்கு ஒரு நீளம் இருக்கிறது. நாம் அதை வாசிக்கிறோம். நடுத்தாள் அப்படி வாசிப்பதில்லை. அதைக் கடந்த போட்டன் இப்போது 45 பாகை நிலையில் இருக்கிறது, அதனால்தான் கடைசித் தாளைக் கடக்கும் வாய்ப்பே அதற்கு வருகிறது. இதற்காகச் சிலர் "அவதானிப்பு" என்ற சொல்லை முன்வைக்கிறார்கள். அது பார்க்கும் கண்ணையும் மனதையும் உள்ளே கொண்டுவருகிறது. வகுப்பில் யாரும் பார்க்காவிட்டாலும் தாள் தன் வேலையைச் செய்கிறது. "அளவீடு" என்பதையே வைத்துக்கொண்டு, எப்போதும் திசையோடு சேர்த்துச் சொல்வது போதும்: நிலைக்குத்தில் அளந்தோம், 45 பாகையில் அளந்தோம். திசை சொல்லாத அளவீட்டு வாக்கியத்தைப் பிழையென்றே திருத்துகிறேன்.

உண்மையான போட்டி, ஆங்கிலத்தில் entanglement எனப்படும் மூன்றாவது கருத்துக்குத்தான். "சிக்கல்" என்றால் பிரச்சினை என்றே காதில் விழும். "பிணைப்பு" இரசாயனவியலில் அணுக்களை விசையால் பிடித்துவைப்பது; இங்கே அப்படி ஒரு விசை இல்லை. "தொடர்பு" என்றால் தொலைபேசி நினைவுக்கு வரும். நான் எடுப்பது "பின்னல் நிலை". பனையோலைப் பெட்டியின் கோலம் எந்தத் தனி ஓலையிலும் இல்லை, ஓலைகள் சேர்ந்த பின்னலில்தான் இருக்கிறது. அதுபோல இரண்டு போட்டன்களின் நிலை முழுதாகத் தெரிந்திருந்தும் தனித்தனிப் போட்டனுக்கு ஒரு நிலை சொல்ல முடியாது.

இந்தச் சொல்லுக்கும் பரிசோதனை வேண்டும். ஒரு பின்னல் சோடியில் ஒரு போட்டன் கிளிநொச்சிக்கும் மற்றது மன்னாருக்கும் போகின்றன என்று வைப்போம். இரண்டு ஊர்களிலும் அளக்கும் இருவரும் ஒரே திசையில் அளந்தால், எந்தத் திசையானாலும், விடைகள் எப்போதும் ஒத்துவரும். உடனே வகுப்பில் கேட்பார்கள்: "சேர், புறப்படும்போதே இரண்டும் விடையைப் பேசிவைத்துக்கொண்டிருந்தால்?" நல்ல கேள்வி. அட்டைகளை எடுத்துக் கணக்கிடச் சொல்லுங்கள். திசைகள் 0, 60, 120 பாகை. ஒவ்வொன்றுக்கும் "கடக்கும்" அல்லது "கடக்காது" என்று முன்கூட்டியே எழுத வேண்டும். மூன்று கட்டங்கள், இரண்டே விடைகள்; எப்படி எழுதினாலும் குறைந்தது இரண்டு கட்டங்கள் ஒன்றாகவே வரும். ஆகவே இருவரும் வெவ்வேறு திசைகளைக் கண்மூடித்தனமாகத் தெரிந்தால், சராசரியாக மூன்றில் ஒரு தடவையாவது விடைகள் ஒத்துவர வேண்டும். குவாண்டக் கொள்கை சொல்வது 60 பாகைக் கோசைனின் வர்க்கம், அதாவது நான்கில் ஒன்று. மூன்றில் ஒன்றைவிடக் குறைவு. அட்டை எழுதிவைத்த எந்தத் திட்டத்தாலும் அந்த இடத்துக்கு இறங்க முடியாது. இந்த வகைத் தருக்கத்தைப் பௌதிகவியலாளர் ஜோன் பெல் 1964 இல் கண்டார். இதே வகைச் சோதனைகளில் கிளவுசரும் அஸ்பேயும் சைலிங்கரும் பெற்ற முடிவுகள் குவாண்டக் கொள்கையின் பக்கமே நின்றன. அவர்களுக்கு 2022 இல் நோபல் பரிசு கிடைத்தது. "ஒத்த நிலை", "இரட்டை நிலை" போன்ற சொற்கள் இங்கேதான் தோற்கின்றன. அவை பேசிவைத்த விடையையே நினைக்கவைக்கின்றன.

"தொடர்பு" என்ற சொல்லை விலக்க இன்னொரு காரணமும் உண்டு. மன்னாரில் இருப்பவர் எந்தத் திசையைத் தெரிந்தாலும், கிளிநொச்சிக்காரரின் கொப்பியில் பாதி "கடந்தது", பாதி "கடக்கவில்லை" என்றே ஒழுங்கின்றி வரும். அதைப் பார்த்து மன்னாரில் என்ன நடந்தது என்று எதுவும் சொல்ல முடியாது. இரண்டு கொப்பிகளையும் ஒரே மேசையில் வைத்து வரி வரியாக ஒப்பிடும்போதுதான் அந்த நான்கில் ஒன்று வெளிப்படும். அதற்கு ஒரு கொப்பி பஸ்ஸிலாவது வந்து சேர வேண்டும்.