விழுகிறவரின் கடிகாரமா, தூரத்தில் நிற்பவரின் கடிகாரமா?

செங்கோட்டையில் என் வீட்டுத் திண்ணையில் சாயங்காலம் இயற்பியல் வகுப்பு நடக்கும். புளியரை, பகவதிபுரத்துப் பிள்ளைகளோடு ஆரியங்காவிலிருந்து ரயிலேறி வரும் பிள்ளைகளும் உண்டு. கருந்துளைப் பாடத்தை நான் பல வருடம் ஒரே மாதிரிதான் நடத்தினேன். தூரத்தில் நிற்பவர் பார்க்கிறார், விழுகிறவரின் கடிகாரம் மெதுவாகிக்கொண்டே போகிறது, தாண்டிவிட்டால் ஒளிகூட வெளியே திரும்ப முடியாத நிகழ்வு எல்லையில் நின்றேவிடுகிறது. அதோடு பாடம் முடிந்துவிடும். போன வருடம் ஆரியங்காவுப் பெண் ஒருத்தி கேட்டாள்: "அப்போ இதுவரைக்கும் எந்தக் கருந்துளைக்குள்ளயும் எதுவுமே விழுந்ததில்லையா சார்?"

அந்தக் கேள்விக்குப் பிறகு பாடத்தை மாற்றினேன். இப்போது விழுகிறவரின் கடிகாரத்தில்தான் தொடங்குகிறேன்.

இரண்டு கணக்குமே சரியானவை என்பதில் சந்தேகமில்லை. 1939இலேயே ஓப்பன்ஹைமர், ஸ்னைடர் என்ற இரண்டு இயற்பியலாளர்கள் ஒரே கட்டுரையில் இரண்டையும் எழுதிவிட்டார்கள். சுருங்கும் நட்சத்திரத்தோடு சேர்ந்து போகிறவருக்கு அந்தச் சரிவு குறிப்பிட்ட நேரத்தில் முடிந்துவிடும். வெளியே நிற்பவருக்கோ அது எல்லையை நெருங்கிக்கொண்டே இருக்கும், எட்டவே எட்டாது. என்னுடைய கேள்வி, எதை முதலில் வைத்தால் மற்றதும் தானாகப் புரியும் என்பதுதான்.

ஒரு கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். நம் பால்வீதியின் நடுவில் இருக்கும் கருந்துளையின் நிறை சுமார் 43 லட்சம் சூரியன்கள். அது சுழலவில்லை என்று வைத்துக்கொண்டால், நிகழ்வு எல்லையின் ஆரம் ஏறக்குறைய 1 கோடியே 27 லட்சம் கிலோமீட்டர். ஒளி அந்தத் தூரத்தைக் கடக்க 42 விநாடி ஆகும். வெகு தொலைவில் ஓய்விலிருந்து தானாக விழத் தொடங்கிய ஒருவர், இப்போது அந்த ஆரத்தின் 9 மடங்கு தொலைவைத் தாண்டுகிறார். அங்கிருந்து தன் கையிலுள்ள கடிகாரப்படி 10 விநாடிக்கு ஒரு தடவை டார்ச்சை மின்னவிடுகிறார்.

அவர் கணக்கு மிக எளிது. மையத்தை அடைய மிச்சமுள்ள நேரம் தொலைவின் ஒன்றரை அடுக்குக்கு ஏற்ப இருக்கும். எல்லையிலிருந்து மையம் வரை 28 விநாடி. 9இன் ஒன்றரை அடுக்கு 27 என்பதால், 9 மடங்குத் தொலைவிலிருந்து 27 × 28, அதாவது சுமார் 762 விநாடி. 28ஐக் கழித்தால் எல்லையைத் தொட 734 விநாடி, 12 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். எல்லையில் அவர் கடிகாரம் தடுமாறாது, துடிப்பு மாறாது. இவ்வளவு பெரிய கருந்துளை என்பதால் உடம்பை இழுத்துப் பிய்க்கும் விசையும் அங்கே அற்பம். தலைக்கும் காலுக்கும் உள்ள இழுப்பு வித்தியாசம் பூமியின் ஈர்ப்பில் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான்.

சரி, 734 விநாடிக்குள் எத்தனை மின்னல்? 73. பாடத்தை நான் மாற்றக் காரணமே இந்த எண்தான், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

தூரத்தில் நிற்பவருக்கு எல்லைக்கு வெளியே விட்ட மின்னல்கள் மட்டும்தான் வந்து சேரும். தொடக்கத்தில் அவை 15 விநாடி இடைவெளியில் வரும். 4 மடங்குத் தொலைவில் அது 20 விநாடி ஆகும். 72ஆவதுக்கும் 73ஆவதுக்கும் நடுவே ஏறக்குறைய 2 நிமிடம். முதலில் பார்க்க ஆரம்பித்ததிலிருந்து சுமார் 26 நிமிடத்தில் 73ஆவது வந்துவிடும். 74ஆவது ஒருநாளும் வராது. அவர் 'காலம் முடிவில்லாமல் நீள்கிறது' என்று சொல்வதற்குப் பின்னால் இருப்பது முடிவில்லாத மின்னல்கள் அல்ல, எண்ணி முடிக்கக்கூடிய 73தான். கடைசி மின்னலுக்கும் வராத மின்னலுக்கும் நடுவே உள்ள காத்திருப்பைத்தான் அவர் கணக்கு முடிவிலி என்று காட்டுகிறது.

டார்ச்சை விட்டுவிட்டு, விழுகிறவரின் சட்டையிலிருந்து இடைவிடாமல் வரும் ஒளியைப் பார்த்தாலும் இதே கதைதான். எல்லையோரத்தில் உறைந்துபோன உருவம் என்றைக்கும் தொங்கிக்கொண்டிருக்கும் என்று நானே பலகையில் வரைந்திருக்கிறேன். அந்தப் படம் தப்பு. கடைசிக் கட்டத்தில், இந்த நிறையுள்ள கருந்துளைக்கு, வந்து சேரும் ஒளியின் அலைநீளம் ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒரு தடவை இரட்டிக்கும். பச்சை ஒளி ஒரு நிமிடத்தில் அகச்சிவப்பாகிக் கண்ணிலிருந்து மறையும். 21 தடவை இரட்டித்தால் அது ஒரு மீட்டர் ரேடியோ அலை. அதோடு ஒளித்துகள்களும் அரிதாகிக்கொண்டே வந்து, கடைசியாக ஒன்று வந்ததோடு நின்றுவிடும். பகவதிபுரத்தைத் தாண்டி மலைக் குகைக்குள் நுழையும் ரயிலின் பின்விளக்குச் சிவப்பைப் பிள்ளைகள் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். விளக்கு தெரியாமல் போனால் ரயில் வாசலிலேயே நின்றுவிட்டது என்று அவர்களில் யாரும் நினைக்கமாட்டார்கள்.

எதிர்ப்பக்கத்திலும் ஒரு தப்பான நம்பிக்கை உண்டு. விழுகிறவர் திரும்பிப் பார்த்தால் பிரபஞ்சத்தின் எதிர்காலம் முழுதும் ஒரே நொடியில் ஓடுவது தெரியும் என்பார்கள். ராக்கெட்டை இயக்கி எல்லைக்கு மேலே ஒரே இடத்தில் நிற்பவருக்கு வெளியுலகம் வேகமாக ஓடுவது உண்மை. விழுகிறவர் நிலைமை வேறு. பின்னாலிருந்து வரும் ஒளி அவரைத் துரத்திப் பிடிக்க வேண்டும். அதனால் அவருக்குத் தூரத்து நண்பரின் கடிகாரம் மெதுவாகத்தான் தெரியும், எல்லையைத் தாண்டும்போது சரியாகப் பாதி வேகத்தில். அந்த 12 நிமிட விழுதலில் நண்பரின் கடிகாரத்தில் அவர் பார்ப்பது எட்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவு. உள்ளே மிச்சமிருக்கும் 28 விநாடியில் மேலும் 12 விநாடியைப் பார்ப்பார்.

தூரத்தில் நிற்பவரின் கணக்கை ஒதுக்கவும் முடியாது. நாம் அளந்ததெல்லாம் அந்த இடத்தில் நின்று அளந்ததுதான். 2018இல் எஸ்2 என்ற நட்சத்திரம் இதே கருந்துளையை நெருங்கிச் சுற்றிப் போனபோது அதன் ஒளியில் ஈர்ப்பினால் வந்த செம்பெயர்ச்சியை, அதாவது அலைநீளம் சிவப்புப் பக்கம் நீள்வதை, தொலைநோக்கியில் பிடித்தார்கள். தொலைநோக்கி வேலைக்கு அந்தக் கணக்குப் போதும். ஆனால் அந்தக் கணக்கை மட்டும் வைத்துக்கொண்டால் 74ஆவது மின்னலைப் பற்றிப் பேசவே வழியில்லை. விழுகிறவரின் கணக்கிலிருந்தோ 73 மின்னலும் எப்போது வெளியே போய்ச் சேரும் என்பதைக்கூட எடுத்துவிடலாம்.

இரண்டு இடத்தில் என் சாய்வைக் கொஞ்சம் அடக்கிச் சொல்ல வேண்டும். உண்மையான கருந்துளைகள் சுழல்பவை, அதனால் மேலே உள்ள எண்கள் கொஞ்சம் மாறும். அப்புறம், எல்லையில் எதுவும் நிகழாது என்பது ஐன்ஸ்டைனின் சமன்பாடு சொல்வது. குவாண்டம் விதிகளும் அதையேதான் சொல்கின்றனவா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை. உள்ளே போய்ப் பார்த்து யாரும் செய்தி அனுப்ப முடியாது.

சின்னக் கருந்துளையை எடுத்தால் பாடமே கெட்டுவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 10 சூரிய நிறை என்றால் எல்லையின் ஆரம் 30 கிலோமீட்டர்தான். அதை எட்டும் முன்பே மனிதர் பிய்ந்துபோவார். அங்கே 10 விநாடி மின்னலுக்கு அர்த்தமே இல்லை.

கேள்வி கேட்ட அந்தப் பெண் அடுத்த வாரம் நோட்டோடு வந்தாள். எல்லையைத் தாண்டிய பிறகும் அவர் டார்ச்சை நிறுத்தவில்லையே, மிச்சமுள்ள 28 விநாடியில் 740, 750, 760 என்று மூன்று மின்னல் விடலாமே என்று கணக்குப் போட்டிருந்தாள். சரிதான். மொத்தம் விட்டது 76, வெளியே வந்தது 73. மீதி மூன்றும் வெளிப்பக்கமாகத்தான் கிளம்பின, ஆனால் அவரைப் போலவே மையத்தை நோக்கித்தான் போயின.